மூச்சுப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விடிந்தும் விடியாமலும் கோயம்புத்தூரிலிருந்து மாமா அழைத்தார்.

"மாப்ள, முப்பது வந்திருச்சு."

"என்ன முப்பது மாமா?"

"வாட்ச்சுல தான். மூணு மாசமா இருபத்தி நாலுலயே நின்னுட்டு இருந்துச்சு. இப்ப முப்பது. பக்கத்துல அம்புக்குறி வேற மேல பாத்துட்டு நிக்குது. இந்த வருசம் வெள்ளியங்கிரி ஏறிரலாம்னு இருக்கேன்."

மாமாவுக்கு 58 வயது. தினமும் காலையில் 40 நிமிடம் வேகநடை. அந்த வாட்சை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அதனால் அதில் எந்த எண் மாறினாலும் முதல் தகவல் எனக்குத்தான் வரும். ஆனால் மூன்று மாதம் அசையாத எண் சில வாரங்களில் 24-லிருந்து 30-க்குப் போவது, அதுவும் 58 வயதில், எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நடையைக் கூட்டினீர்களா என்று கேட்டேன்.

"அதே ரோடு, அதே வேகம். ஆனா முன்ன நடக்கறப்ப துடிப்பு நூத்திப் பதினெட்டு காட்டும். இப்ப நூறு தாண்டறதே இல்ல. உடம்பு பழகிருச்சு போல."

"மாத்திரை ஏதாச்சும் மாத்துனாங்களா மாமா?"

"பிரசருக்கு ஒண்ணு புதுசா குடுத்தாங்க. படபடப்புனு சொன்னேன்ல, அதுக்கும் சேத்து."

"அட்டைய எடுத்துப் பாருங்க. பேரு 'லால்'னு முடியுதா?"

கொஞ்ச நேரம் டப்பா உருளும் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமாடா. லால்னு தான் முடியுது. ஏன்?"

அந்த 'ஏன்'-க்கு முழுப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும். மாமாவிடம் அன்று போனில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

*

வாட்ச் திரையில் `VO2 max` என்று வரும் எண்ணுக்கு ஒரு திட்டமான பொருள் உண்டு. ஒரு மனிதன் தன்னால் முடிந்த உச்ச உழைப்பில் இருக்கும்போது, அவன் உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனை எடுத்துச் செலவழிக்கிறது என்பதுதான் அது. எடை வேறுபாட்டைச் சரிக்கட்ட, ஒரு கிலோ உடல் எடைக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வகுத்துச் சொல்வார்கள். மாமாவின் 30 என்றால், ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்தில் 30 மில்லி. அவர் எடை 70 கிலோ. ஆக உச்சத்தில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆக்ஸிஜன். இந்தக் கட்டுரை முழுக்க இதை உச்ச ஆக்ஸிஜன் என்றே எழுதுகிறேன்.

மனித உடம்புக்கு இப்படி ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்று காட்டியவர் ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில். தசை உண்டாக்கும் வெப்பத்தை ஆராய்ந்து 1922-க்கான மருத்துவ நோபல் பரிசை ஓட்டோ மேயர்ஹோஃபுடன் பகிர்ந்துகொண்டவர். அதே காலத்தில் மான்செஸ்டரில் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். சுமார் 85 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு புல்தரையில், முதுகில் ஒரு பெரிய பையைக் கட்டிக்கொண்டு ஓடினார். சோதனை செய்கிறவரும் அவரே, சோதிக்கப்படும் உடம்பும் அவருடையதே.

அந்தப் பைக்கு டக்ளஸ் பை என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த கிளாட் கோர்டன் டக்ளஸ் 1911-இல் விவரித்தது. உள்ளே ரப்பர் பூசிய துணிப்பை. வாயில் ஒரு குழாய், மூக்குக்கு ஒரு கிளிப். உள்ளிழுக்கும் மூச்சு வெளிக்காற்றிலிருந்து வரும், வெளிவிடும் மூச்சு மொத்தமும் ஒரு வால்வு வழியாகப் பைக்குள் போகும். ஓடி முடித்ததும் பையில் எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். பையில் 17 சதவீதம் இருந்தால், நடுவில் காணாமல் போன 4 சதவீதம் உடம்புக்குள் செலவாகியிருக்கிறது. இதில் ஊகம் எதுவும் கிடையாது. உள்ளே போன கணக்கு, வெளியே வந்த கணக்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஹில் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆக்ஸிஜன் செலவும் கூடியது. ஆனால் ஓர் இடத்துக்குப் பிறகு, நிமிடத்துக்கு நான்கு லிட்டரைத் தொட்ட அளவில், வேகம் கூடியும் ஆக்ஸிஜன் கூடவில்லை. இதயமும் நுரையீரலும் தங்களால் கொண்டுவர முடிந்ததைக் கொண்டுவந்துவிட்டன, மீதி வேகத்துக்குத் தசை கடன் வாங்கித்தான் சமாளிக்கிறது என்று அவர் வாதிட்டார். ஹார்ட்லி லப்டனுடன் சேர்ந்து 1923-இல் அதை வெளியிட்டார். இன்றைய ஆய்வகத்தில் டக்ளஸ் பைக்குப் பதிலாக முகமூடி, வாயுக்களை மூச்சுக்கு மூச்சு அளக்கும் கருவி, திரையில் வரைபடம் எல்லாம் வந்துவிட்டன. செய்யும் காரியம் ஹில் செய்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹில்லின் முறையில் இதயத்துடிப்புக்கு வேலையே இல்லை. துடிப்பு எத்தனை என்று தெரியாமலே உச்ச ஆக்ஸிஜனை அளந்துவிடலாம். மாமாவின் வாட்சிலோ துடிப்பை எடுத்துவிட்டால் எதுவுமே மிஞ்சாது. இந்தத் திருப்பம் எங்கே நடந்தது?

*

ஸ்டாக்ஹோமில், 1954-இல்.

ஹில்லின் சோதனையில் ஒரு கஷ்டம் உண்டு. ஆளை ஓய்ந்துபோகும் வரை ஓடவைக்க வேண்டும். வீரர்களிடம் இது நடக்கும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவரிடமோ, நாற்பது வயது தாண்டியவரிடமோ, நோயாளியிடமோ, 'இனி முடியாது என்று விழும் வரை ஓடு' என்று சொல்வது சிரமம், சமயத்தில் ஆபத்தும்கூட. பாதி உழைப்பிலேயே உச்சத்தைக் கணித்துவிட முடியாதா என்று யோசித்தார்கள் பெர் ஓலோஃப் ஓஸ்ட்ராண்ட், இர்மா ரீமிங் என்ற இருவர். பிறகு இவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். இர்மா அதன்பின் ஓஸ்ட்ராண்ட் என்ற பெயரிலேயே எழுதினார்.

அவர்கள் கையில் இருந்தது ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து சேர்த்த கணக்கு. அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. உச்ச ஆக்ஸிஜனில் பாதியைச் செலவழிக்கும்போது ஆண்களின் துடிப்பு சராசரியாக 128, பெண்களுக்கு 138. எழுபது சதவீதத்தில் ஆண்களுக்கு 154, பெண்களுக்கு 164. அதாவது உழைப்பு கூடும்போது துடிப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் ஏறுகிறது. நேர்கோடு என்றால் பாதி வழியில் நின்றுகொண்டே அது எங்கே போய் முடியும் என்று சொல்லிவிடலாம்.

இதை ஒரு நோமோகிராமாக வரைந்தார்கள். காகிதத்தில் நெடுக்காகச் சில அளவுகோல்கள். ஒரு பக்கம் துடிப்பு, மறு பக்கம் சைக்கிளில் மிதித்த பாரம், நடுவில் உச்ச ஆக்ஸிஜன். சோதனைக்கு வந்தவர் ஒரே பாரத்தில் ஆறு நிமிடம் சைக்கிள் மிதிப்பார். துடிப்பு ஒரே நிலைக்கு வந்ததும் எண்ணிக்கொள்வார்கள். ஸ்கேலை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் வைத்தால், அது நடுக்கோட்டை வெட்டும் இடம்தான் விடை. மூச்சுப்பை இல்லை, வாயு ஆய்வு இல்லை. ஒரு சைக்கிள், ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு ஸ்கேல்.

இதன் பிழை எவ்வளவு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஒரே வயதில் இருக்கும் நன்கு பயிற்சி பெற்றவர்களிடையே திட்டப்பிழை பத்து சதவீதம். பல வயதினர் கலந்த, நடுத்தரப் பயிற்சி உள்ள கூட்டத்தில் பதினைந்து சதவீதம் வரை. வயது ஒரு பெரிய சிக்கலாகவே நின்றது. இளைஞனின் இதயம் 195 வரை போகும், 55 வயதுக்காரரின் இதயம் அவ்வளவு போகாது. ஆக ஒரே துடிப்பு 130 என்றாலும், இவருக்கு உச்சம் பக்கத்தில் இருக்கிறது, அவனுக்குத் தூரத்தில். 1960-இல் இர்மா ஓஸ்ட்ராண்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டார். 25 வயது என்றால் நோமோகிராமின் விடை அப்படியே. 55 வயது என்றால் அதை 0.71-ஆல் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தை வெட்டி எறியும் திருத்தம் இது.

ஸ்டாக்ஹோமின் அந்தத் தாள்தான் இன்று நம் மணிக்கட்டில் இருக்கிறது. நடுவில் சில விஷயங்கள் மட்டும் மாறின.

*

முதலில் மாறியது, சைக்கிளின் பாரத்துக்குப் பதிலாக வேகம் வந்தது. ஒருவர் சமதரையில் இத்தனை வேகத்தில் நடந்தால் அல்லது ஓடினால் எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகும் என்பதற்குச் சராசரிச் சூத்திரங்கள் உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிடும் சூத்திரம் எளிமையானது. நடையென்றால், நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற எண்ணை 0.1-ஆல் பெருக்க வேண்டும். ஓட்டமென்றால் 0.2-ஆல். அதோடு சும்மா நிற்கும்போதே செலவாகும் 3.5 மில்லியைக் கூட்ட வேண்டும். ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்லிவிடும், சூத்திரம் அதை ஆக்ஸிஜனாக மாற்றிவிடும்.

இரண்டாவது மாற்றம், துடிப்பைத் தோலின் மேல் படும் பச்சை வெளிச்சம் எண்ணுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும்.

மூன்றாவது, அதிகபட்சத் துடிப்பு. நோமோகிராமில் இர்மாவின் திருத்தம் செய்த வேலையை, பெரும்பாலான வாட்ச்களில் தொடக்கத்தில் ஒரு சின்னக் கழித்தல் செய்கிறது: `220 - வயது`. இதன் வரலாறு கொஞ்சம் சங்கடமானது. 1971-இல் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கெல், ஜான் நாட்டன் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இது பரவியது. 2002-இல் ராபர்ட் ராபர்க்ஸும் ராபர்ட்டோ லாண்ட்வேரும் இதன் மூலத்தைத் தேடிப் போனார்கள். அந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடிக்கவென்று நடத்திய ஆராய்ச்சி எதுவும் அங்கே இல்லை. பல ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே படத்தில் போட்டு, கண்ணளவில் கோடு இழுத்தது. சராசரியாக அது மோசமில்லை. ஆனால் ஒரே வயதுள்ளவர்களின் உண்மையான அதிகபட்சத் துடிப்பு அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சிதறிக் கிடப்பது சாதாரணம். அது உடற்பயிற்சியால் வருவதல்ல, உயரம் மாதிரி ஒருவருக்கு அமைவது.

நான்காவதாக, சாமர்த்தியம். பின்லாந்தின் யுவஸ்குலாவில் தொடங்கி, 2020-இல் கார்மின் வாங்கிய ஃபர்ஸ்ட்பீட் போன்ற நிறுவனங்கள் இதில் பல வருடம் உழைத்திருக்கின்றன. ஒருவர் ஓடும் அரைமணி நேரத்தில் சிக்னலில் நின்றது, மேட்டில் ஏறியது, துடிப்பு தாறுமாறாக வந்தது என்று பல துண்டுகள் இருக்கும். வேகமும் துடிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போடுவதுதான் அவர்கள் முறையின் சாரம். ஸ்டாக்ஹோமில் ஆறு நிமிடம் ஒரே பாரத்தில் மிதிக்க வைத்ததற்குப் பதில், நம் அன்றாட ஓட்டத்துக்குள்ளிருந்தே அப்படிப்பட்ட நிமிடங்களை வாட்ச் தேடி எடுத்துக்கொள்கிறது.

*

இப்போது மாமாவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எந்த வாட்ச்சும் தன் முழுச் சூத்திரத்தை வெளியே சொல்லாது. ஆனால் எலும்புக்கூடு தெரிந்ததுதான், தாளிலேயே போடலாம்.

மாமாவின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். நடைச் சூத்திரப்படி அதற்குச் செலவு 10 மில்லி, சும்மா நிற்கும் செலவு 3.5 தனி. மாத்திரைக்கு முன்னால் ஓய்வில் துடிப்பு 76, நடையில் 118. வயது 58, ஆகவே வாட்ச் நினைக்கும் அதிகபட்சம் 162. ஓய்விலிருந்து உச்சம் வரை ஏற 86 படி இருக்கிறது என்று வைத்தால், மாமா 42 படி ஏறியிருக்கிறார். அதாவது 49 சதவீதம். நாற்பத்தொன்பது சதவீதத்துக்கு 10 மில்லி என்றால் நூறு சதவீதத்துக்கு 20.5. நிற்கும் செலவைக் கூட்டினால் 24. வாட்ச் காட்டிய அதே 24.

மாத்திரைக்குப் பிறகு ஓய்வில் 62, நடையில் 100. அதிகபட்சம் 162 என்றுதான் வாட்ச் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஏற வேண்டியது 100 படி, ஏறியது 38. அதாவது வெறும் 38 சதவீத உழைப்பில் மாமா மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறார்! முப்பத்தெட்டுக்கு 10 என்றால் நூறுக்கு 26.3, கூட்டினால் ஏறத்தாழ 30.

லால் என்று முடியும் மருந்துகள் பீட்டா பிளாக்கர்கள். அட்ரினலின் வந்து இதயத்தை 'வேகமாக அடி' என்று முடுக்கும் கதவை அவை பாதி சாத்திவைக்கின்றன. ஓய்விலும் துடிப்பு குறையும், நடையிலும் குறையும், முக்கியமாக உச்சத்திலும் குறையும். இந்த மூன்றாவதுதான் வாட்சுக்குத் தெரியாது. கீழே உள்ள இரண்டு எண்களையும் அது கண்ணால் பார்க்கிறது, மேலே உள்ளதை வயதை வைத்து ஊகிக்கிறது. தரை இறங்கியது தெரிந்து, கூரையும் இறங்கியது தெரியாமல், வீடு பெரிசாகிவிட்டது என்று சொல்கிறது. மாமாவின் உடம்பில் எதுவும் வளரவில்லை. சில வாட்ச்களின் செயலியில் துடிப்பைப் பாதிக்கும் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. எத்தனை பேர் அதுவரை போய்ப் பார்க்கிறோம்?

"அப்ப மாத்திரைய நிறுத்திட்டு நடந்து பாத்தா சரியான நம்பர் வந்திருமா?" என்று கேட்டார் மாமா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், இத்தனை நாள் அடக்கி வைத்த முடுக்கம் ஒரேயடியாகத் திரும்பி வரும். இதய நோய் உள்ளவருக்கு அது மாரடைப்பு வரை போகலாம். ஒரு எண்ணைச் சரிபார்ப்பதற்காகச் செய்கிற காரியம் இல்லை. "மாமா, மாத்திரைய விட்டுறாதீங்க. டாக்டர்ட்ட மலை ஏறப் போறேன்னு சொல்லிப் பாருங்க, அவரே டெஸ்ட் எழுதித் தருவார்" என்றேன்.

*

எழுதித் தந்தார். நானும் ஊருக்குப் போய்க் கூடவே நின்றேன்.

மாமாவின் நெஞ்சில் ஈசிஜி ஒயர்களை ஒட்டினார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார் டெக்னீஷியன். அதற்கு முன்பே கருவிக்கு இரண்டு பரீட்சை நடந்தது. கலவை துல்லியமாகத் தெரிந்த ஒரு சிலிண்டர் வாயுவை அதற்குக் கொடுத்து அளக்கச் சொன்னார், பிறகு மூன்று லிட்டர் கொள்ளும் பெரிய சிரிஞ்சால் காற்றைத் தள்ளி மூன்று என்று காட்டுகிறதா என்று பார்த்தார். இந்த இரண்டும் தவறினால் வரும் எண்ணுக்கு வாட்ச் எண்ணைவிட அதிக மரியாதை கிடையாது. ஆய்வகமும் பிழை செய்யும். முகமூடி கசிந்தால் குறைத்துக் காட்டும். சைக்கிளில் சோதித்தால், சைக்கிள் பழக்கமில்லாதவருக்கு டிரெட்மில்லைவிடக் குறைவாகவே வரும். ஒரே ஆளை அடுத்த வாரம் சோதித்தாலும் சில சதவீதம் ஆடும்.

டிரெட்மில் மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் சாய்ந்தது. ஒன்பதாம் நிமிடம் மாமா கையைத் தூக்கிவிட்டார். உச்சத் துடிப்பு 130. ஆக்ஸிஜன் 22.

ஹில் சொன்ன சமதளம், அதாவது பாரம் கூடியும் ஆக்ஸிஜன் கூடாத நிலை, வரைபடத்தில் தெளிவாக வரவில்லை. பலருக்கு வராது. 1955-இல் மினசோட்டாவில் ஹென்றி டெய்லரும் கூட்டாளிகளும், சாய்வைக் கூட்டிய பிறகும் ஆக்ஸிஜன் நிமிடத்துக்கு 150 மில்லிக்கும் குறைவாகவே கூடினால் அதைச் சமதளம் என்று கொள்ளலாம் என்று விதி வகுத்தார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது நல்ல உடல்வாகுள்ள இளைஞர்களை. மாமா மாதிரி ஆட்களிடம் வேறு சாட்சி தேட வேண்டும். வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடை உள்ளே போன ஆக்ஸிஜனால் வகுத்தால் வரும் எண் 1.1-ஐத் தாண்டினால், ஆள் உண்மையாகவே முயன்றிருக்கிறார் என்று பொருள். மாமாவுக்கு 1.12. ஆக, சும்மா பயந்து நிறுத்தவில்லை. அதனால் ரிப்போர்ட்டில் 'அதிகபட்சம்' என்று போடாமல் 'எட்டிய உச்சம்' என்று போட்டிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த 130-ஐ எடுத்துக்கொண்டு பழைய தாளில் மறுபடி போட்டேன். ஓய்வு 62, உச்சம் 130, ஏற வேண்டியது 68, ஏறியது 38. அதாவது 56 சதவீதம். விடை 21 சொச்சம். ஆய்வகத்தின் 22-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. வாட்சின் கணக்குமுறையில் தப்பு இல்லை, அதற்குக் கொடுத்த கூரைதான் தப்பு.

*

டெக்னீஷியன் நல்ல மனிதர். "நீங்களும் ஓடுவீங்களா சார்?" என்று கேட்டார். இன்னொரு நாள் பணம் கட்டி நானும் ஏறினேன். எனக்கு 32 வயது, மருந்து எதுவும் இல்லை, வாட்ச் காட்டியது 46. ஆய்வகத்தில் 42 வந்தது.

இந்த முறை கூரை குற்றவாளி இல்லை. வாட்ச் நினைத்தது 188, உண்மையில் 186, பெரிய வித்தியாசமே கிடையாது. தவறு வேறு இடத்தில் இருந்தது. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடச் சூத்திரப்படி 36.8 மில்லி வேண்டும். முகமூடியோ அந்த வேகத்தில் நான் 33.5 மில்லிதான் செலவழிக்கிறேன் என்றது. அதாவது அதே வேகத்தைச் சராசரி ஆளைவிடக் கொஞ்சம் சிக்கனமாக ஓடுகிறேன். வாட்ச் என் வேகத்தைப் பார்த்தது, அதற்குச் சராசரி விலை போட்டது, இவ்வளவு விலை கொடுத்தும் துடிப்பு இவ்வளவுதான் என்றால் பெரிய ஆள்தான் என்று முடிவு கட்டியது. எனக்கு நேர்மாறாக, காலைத் தட்டித் தட்டி விரயமாக ஓடுகிறவருக்கு வாட்ச் குறைத்துக் காட்டும்.

இந்தச் சிக்கனம் சின்ன விஷயம் இல்லை. ஆஸ்திரேலிய மாரத்தான் வீரர் டெரக் கிளேட்டனின் உச்ச ஆக்ஸிஜன் ஏறத்தாழ 70 என்று பதிவாகியிருக்கிறது. அவர் காலத்தில் அவரைவிட அதிக எண் வைத்திருந்தவர்கள் பலர். அமெரிக்காவின் ஸ்டீவ் பிரிஃபான்டெய்னுக்கு 84. ஆனால் 1969-இல் ஆண்ட்வர்ப்பில் 2 மணி 8 நிமிடம் 33 நொடி ஓடி உலகச் சாதனை படைத்தவர் கிளேட்டன்தான். அவரது ஓட்டம் அபாரச் சிக்கனம். 1980-இல் டக்ளஸ் கான்லியும் கேரி கிராஹென்புலும் ஒரே அளவு உச்ச ஆக்ஸிஜன் உள்ள பன்னிரண்டு வீரர்களை எடுத்துப் பார்த்தார்கள். பத்துக் கிலோமீட்டர் பந்தயத்தில் அவர்களிடையே இருந்த நேர வித்தியாசத்தில் 65 சதவீதத்தைச் சிக்கனத்தாலேயே விளக்க முடிந்தது.

அப்படியென்றால் கிளேட்டன் இன்று ஒரு வாட்ச் கட்டி ஓடினால் அது 70 என்று காட்டாது, நிச்சயம் அதைவிட மேலே ஏதோ காட்டும். அது ஒருவகையில் பொய், ஒருவகையில் கூடுதலான உண்மையும்கூட. வாட்ச் மதிப்பிடுவது நுரையீரலும் இதயமும் கொண்டுவரும் ஆக்ஸிஜனை அல்ல. இந்தத் துடிப்புக்கு இந்த வேகம் என்றால் உச்சத் துடிப்புக்கு எந்த வேகம் என்பதை. அந்த வேகத்தை எடுத்து, சராசரி மனிதனின் ஆக்ஸிஜன் விலையில் மொழிபெயர்த்துக் காட்டுகிறது. பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு ஆய்வக எண்ணைவிட இது பயன்படலாம். இதயம் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டியவருக்குப் பயன்படாது.

துடிப்பை ஏற்றுகிற எதுவும் அந்த வேகத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையில் மே மாதம் ஓடினால் வியர்வையாலும், தோலுக்குப் போகும் ரத்தத்தாலும் அதே வேகத்துக்குத் துடிப்பு பத்துக்கு மேல் கூடும். என் எண் இரண்டு மூன்று இறங்கும். மார்கழியில் தானாக ஏறிவிடும். நடுவில் நான் எதையும் இழக்கவும் இல்லை, சம்பாதிக்கவும் இல்லை.

*

கடைசியாக வெள்ளியங்கிரி. படிகளும் பாறையும் சேர்ந்து சாய்வு இருபது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சில இடத்தில் அதற்கும் மேலே இருக்கும். கூட வருபவர்களோடு மணிக்கு 3 கிலோமீட்டரில் ஏறினால், அதே சூத்திரப்படி செலவு 26.5 மில்லி. வாட்சின் 30-ஐ நம்பினால் அது தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே, மூச்சு வாங்கும், ஆனால் முடியும் என்று தோன்றும். உண்மையான 22-க்கு முன்னால் அது முடியவே முடியாத எண். மணிக்கு 2 கிலோமீட்டருக்கு இறங்கினால் செலவு 19. அதுவும் 22-இல் 85 சதவீதம். ஆறேழு மணி நேரத்துக்கு யாராலும் அப்படிப் போக முடியாது.

தாளை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் வகுத்தலைத் தானே மறுபடி போட்டுச் சரிபார்த்தார். டாக்டரும் இந்த வருடம் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார். நடையைத் தொடரச் சொல்லி, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கலாம் என்றார்.

மாசி மாதம் பூண்டி அடிவாரக் கோயில் வாசலில் நின்று ஒரு படம் அனுப்பினார். அன்று மாலை போன் வந்தது.

"இன்னும் முப்பதுன்னு தான் காட்டுது மாப்ள. நான் எட்டக் கழிச்சுட்டுத்தான் படிக்கறேன்."

"மாத்திரை அளவு மாறுனா அந்த எட்டும் மாறும் மாமா."

"தெரியும். ஆனா மாறாத வரைக்கும், இது முப்பத்தி ஒண்ணாச்சுன்னா நானும் ஒண்ணு ஏறிருக்கேன்னு தானே அர்த்தம்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். ஒரே ஆள், ஒரே ரோடு, ஒரே மருந்து, ஏறக்குறைய ஒரே வெயில் என்றால், பிழையும் அதே பிழையாக அங்கேயே நிற்கும். அதற்கு மேல் நடக்கிற அசைவை நம்பலாம்.